டுபாய்க் காசு கைக்கு வரும்வரை: கணக்கில் செய்யும் தவறுகள்

எங்கள் லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருக்கும் அத்தையின் மகள் டுபாயில் வீட்டு வேலை செய்கிறாள். மாதம் பிறந்து ஒரு வாரத்துக்குள் காசு அனுப்புவாள், ரசீதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுவாள். போன மாதம் அத்தை போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, புள்ள புது கடையில போட்டிருக்கா. சார்ஜ் ஒண்ணுமே இல்லயாம். ஆனா போன தடவைய விட காசு கொறஞ்ச மாதிரி இருக்கே, பாருங்களேன்."

குறைந்துதான் இருந்தது. அந்த ரசீதில் கட்டணம் என்ற இடத்தில் பூச்சியம் இருந்ததும் உண்மைதான். காசு அனுப்பும் நிறுவனம் சம்பாதிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ரசீதில் தெரியும் கட்டணம். மற்றது, திர்ஹத்தை ரூபாவாக மாற்றும் வீதத்தில் ஒரு ரூபா, இரண்டு ரூபா குறைத்து வைப்பது. இரண்டாவது எந்த ரசீதிலும் தனி வரியாக வராது. நம் வீடுகளில் கணக்குப் பிழைப்பதெல்லாம் அந்த இடத்தில்தான்.

அளவுகோல் இல்லாமல் ரேட்டைப் பார்ப்பது

"இன்னைக்கு ரேட் 79" என்றால் அது நல்ல ரேட்டா, மோசமான ரேட்டா? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கையில் இல்லாவிட்டால் யாராலும் சொல்ல முடியாது. அதிர்ஷ்டவசமாக திர்ஹத்துக்கு அந்த அளவுகோலை வீட்டிலிருந்தே செய்துகொள்ளலாம். ஒரு அமெரிக்க டொலருக்கு 3.6725 திர்ஹம் என்று ஐக்கிய அரபு அமீரகம் பல வருடங்களாக நிலையாக வைத்திருக்கிறது. எங்கள் இலங்கை மத்திய வங்கியோ டொலருக்கான வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் வேலை நாட்களில் தன் இணையத்தளத்தில் போடுகிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள விலையை எடுத்து 3.6725ஆல் வகுத்தால் திர்ஹத்தின் நடு வீதம் கிடைத்துவிடும்.

கணக்குக்காக, டொலரின் நடு விலை 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 300ஐ 3.6725ஆல் வகுத்தால் 81.69 ரூபா. சவூதி ரியாலுக்கு 3.75ஆலும், கட்டார் ரியாலுக்கு 3.64ஆலும் வகுக்க வேண்டும். குவைத் தினார் டொலரோடு மட்டும் கட்டப்பட்டதல்ல, அதனால் அதற்கு இந்தக் குறுக்கு வழி பொருந்தாது.

நடு வீதத்தையே தருகிற கடையைத் தேடி அலைய வேண்டாம், அப்படி ஒன்றைக் காண்பது அரிது. அதிலிருந்து எவ்வளவு கீழே தருகிறார்கள் என்று பார்க்கத்தான் அது. இன்னொன்று, இரண்டு கடைகளை ஒப்பிடுவதானால் இரண்டு ரேட்டையும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணி நேரத்தில் கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கேட்ட ரேட்டையும் வெள்ளிக்கிழமை கேட்ட ரேட்டையும் பக்கத்தில் வைத்தால், தெரிகிற வித்தியாசம் கடையினுடையதா சந்தையினுடையதா என்று பிரிக்க முடியாது.

கட்டணத்தை மட்டும், அல்லது ரேட்டை மட்டும் பார்ப்பது

அத்தை மகளின் விஷயத்தை எளிய எண்களில் போட்டுப் பார்ப்போம். நடு வீதம் 81.69. 'சார்ஜ் இல்லாத' கடை 79.20 தருகிறது. பழைய கடை 81.20 தருகிறது, ஆனால் 20 திர்ஹம் கட்டணம் எடுக்கிறது. அந்தக் கட்டணத்தின் மேல் அங்கே 5 சதவீத பெறுமதி சேர் வரியும் உண்டு, ஆகவே மொத்தம் 21 திர்ஹம்.

மகளின் கையில் 1,000 திர்ஹம் இருக்கிறது. புதுக் கடையில் கொடுத்தால் அம்மாவுக்கு 79,200 ரூபா வரும். பழைய கடையில் 21ஐக் கழித்துவிட்டு 979 திர்ஹம்தான் மாறும், அது 79,495 ரூபா. நடு வீதத்தில் முழுசாக மாறியிருந்தால் 81,690 வந்திருக்கும். அப்படியானால் 'சார்ஜ் இல்லாத' கடையில் உண்மையான செலவு 2,490 ரூபா, சார்ஜ் எடுக்கும் கடையில் 2,195 ரூபா. சதவீதத்தில் சொன்னால் முதலாவது 3.05, இரண்டாவது 2.69.

இதோடு நிறுத்திக்கொண்டு "சார்ஜ் இல்லை என்பதே ஏமாற்று" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதுவும் தவறுதான். அதே மகள் 500 திர்ஹம் மட்டும் அனுப்புகிறாள் என்று வையுங்கள். புதுக் கடையில் 39,600 ரூபா. பழைய கடையில் 479 திர்ஹம் மாறி 38,895 ரூபா. இப்போது சார்ஜ் இல்லாத கடைதான் 705 ரூபா லாபம். 2,000 திர்ஹம் அனுப்பினாலோ நிலைமை தலைகீழ்: புதுக் கடையில் 158,400, பழைய கடையில் 160,695. ஏறக்குறைய 2,300 ரூபா வித்தியாசம்.

காரணம் எளிது. கட்டணம் எவ்வளவு அனுப்பினாலும் அதே 21 திர்ஹம். ரேட்டில் எடுப்பது மட்டும் தொகையோடு சேர்ந்து வளரும். சின்னத் தொகையில் கட்டணம் கடிக்கும், பெரிய தொகையில் ரேட் கடிக்கும். எந்தத் தொகையில் இரண்டும் சமன் என்று பார்க்க, கட்டணத்தை நல்ல ரேட்டால் பெருக்கி, இரண்டு ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் 21 × 81.20 ÷ 2, அதாவது சுமார் 853 திர்ஹம். அதற்குக் கீழே என்றால் புதுக் கடை, மேலே என்றால் பழைய கடை. ரேட் மாறினால் இந்த எண்ணும் மாறும், ஆனால் போடும் முறை மாறாது.

உலக வங்கியும் இந்தச் செலவை அளக்கும்போது கட்டணத்தையும் மாற்று வீத வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகளின் இலக்குகளில் ஒன்று. உங்கள் வீட்டுக் கணக்கில் 5 சதவீதத்தைத் தாண்டினால் வேறு வழி தேடத்தான் வேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு வகுத்தல் போதும். அம்மாவின் கைக்கு வந்த ரூபாவை, மகளின் கையிலிருந்து போன மொத்த திர்ஹத்தால் வகுத்துவிடுங்கள். 'மொத்த' என்ற சொல்தான் முக்கியம். சில இடங்களில் கட்டணத்தை 1,000க்குள்ளேயே கழிப்பார்கள். சில இடங்களில் 1,000ஐ முழுசாக அனுப்பிவிட்டு 21ஐ மேலே கேட்பார்கள். மேலே கேட்கும் இடத்தில் 81,200 ரூபா வரும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதை 1,021ஆல் வகுக்க வேண்டும். அப்போது ஒரு திர்ஹத்துக்குக் கிடைத்தது 79.53 ரூபாதான்.

துண்டு துண்டாக அனுப்புவது

மாதத்தில் இரண்டு தடவை 500, 500 என்று பழைய கடையில் அனுப்பினால் கட்டணம் இரண்டு தடவை போகும். ஒரே தடவையில் அனுப்பினால் 1,705 ரூபா மிச்சம். சொல்வது சுலபம். தம்பியின் டியூஷன் காசு ஒரு தேதியில், சீட்டுக் காசு இன்னொரு தேதியில், அடகு வைத்த தோட்டின் வட்டி வேறொரு தேதியில் என்று இருக்கும் வீட்டில் அது அவ்வளவு சுலபமில்லை. அவசரத்துக்கு அனுப்பினால் அனுப்பியதுதான், அதற்காக யாரையும் குறை சொல்லக் கூடாது. சீட்டுத் தேதியை மட்டும் மகளின் சம்பளத் தேதிக்குப் பிறகு மாற்றிக் கேட்டாலே சில வீடுகளில் இரண்டு தடவை ஒரு தடவையாகிவிடுகிறது. முதல் தடவைக்கு மட்டும் விசேஷ ரேட் கொடுக்கும் ஆப்களும் உண்டு. இரண்டாவது தடவை ரசீதைப் பார்த்த பிறகுதான் அதை நம்பி மாற வேண்டும்.

இந்தப் பக்கத்துச் செலவை மறப்பது

ரசீதில் பெறும் தொகைக்குப் பக்கத்தில் LKR என்று இருந்தால் எத்தனை ரூபா என்பது அங்கேயே தீர்ந்துவிட்டது. USD என்று இருந்தால் இன்னும் தீரவில்லை என்று பொருள். திர்ஹம் அங்கே டொலராகும், வழியில் இடை வங்கி ஒன்று தன் பங்கைக் கழிக்கலாம், பிறகு இங்குள்ள வங்கி தன் வாங்கும் விலையில் ரூபாவாக மாற்றும். உதாரணமாக 1,000 திர்ஹத்தை 3.69 வீதம் மாற்றினால் 271 டொலர். வழியில் 10 டொலர் போனால் 261. வங்கியின் வாங்கும் விலை 296 என்றால் 77,256 ரூபா. அனுப்பும் கட்டணத்தைச் சேர்க்காமலே இது மேலே பார்த்த இரண்டு கடைகளையும் விடக் குறைவு. டொலர்க் கணக்கில் டொலராகவே வைத்திருப்பதற்கு என்றால் கதை வேறு. மாதச் செலவுக்கு வரும் காசை ரூபாவாக அனுப்பச் சொல்வதே நல்லது.

அடுத்தது, டவுனுக்குப் போய் ரொக்கமாக எடுப்பது. ரேட் 30 சதம் கூட என்று ஒரு முகவரிடம் எடுக்க அத்தை ஹட்டனுக்குப் போவார். 1,000 திர்ஹத்துக்கு அந்த 30 சதம் தருவது 300 ரூபா. காலையில் போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் தோட்டத்தில் அன்றைய வேலைக்கான பேர் போய்விடும், அரைப்பேர்கூட விழாது. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமே 1,350 ரூபாவாக இருந்தது. பஸ் காசு தனி. ரேட் கொஞ்சம் குறைந்தாலும் வங்கிக் கணக்குக்கு வரும் காசுதான் அவருக்கு மலிவு, தேவையானபோது எடுத்துக்கொள்ளலாம்.

வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு அனுப்பும் உண்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021இலும் 2022இன் தொடக்கத்திலும் வங்கி ரேட்டை 200 ரூபாவுக்குச் சற்று மேலே பிடித்து வைத்திருந்தார்கள், வெளியே டொலருக்கு அதைவிடக் கூடக் கிடைத்தது. நம் ஆட்களும் உண்டியலுக்குப் போனார்கள். 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்புப் பணம் 2022இல் 3.8 பில்லியனாக விழுந்ததற்கு அது ஒரு பெரிய காரணம். 2022 மார்ச்சில் ரேட்டை விட்டுவிட்ட பிறகு அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. இன்றும் ஒருவர் "வங்கியை விட ஒரு ரூபா கூடத் தருகிறேன்" என்றால், 1,000 திர்ஹத்துக்கு அது 1,000 ரூபா. காசு வராமல் போனால் காட்டுவதற்கு ரசீது இல்லை, முறைப்பாடு செய்ய இடமில்லை, யாரோ ஒருவருடைய காசு நம் கணக்குக்குள் வந்து விழுந்தால் வங்கியில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அம்மாதான். அந்த 1,000 ரூபாவுக்காக இரண்டு வருட உழைப்பை யாரிடமும் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

அன்று அத்தையின் போனிலேயே மகளுக்கு ஒரு குரல் பதிவு போட்டோம். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு கடையிலும் ஒரே கேள்வியைக் கேட்கச் சொன்னோம்: "என் கையில் இருப்பது ஆயிரம். எல்லாம் போக அம்மாவின் கணக்கில் எத்தனை ரூபா விழும்?" சார்ஜைப் பற்றியும் ரேட்டைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்க வேண்டாம் என்றேன். இந்த மாதம் அவள் பழைய கடைக்கே திரும்பிப் போயிருக்கிறாள்.