31 நாள் லீவுக்கு ஒரு நாள் சம்பளம்: ஈட்டிய விடுப்பு விதியை எழுதும்போது நேரும் தவறுகள்

தக்கலைப் பக்கம் ஒரு முந்திரி ஆலை. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீஸ். அங்கே பேக்கிங் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஒரு அக்கா ஆகஸ்ட் 31 அன்று வேலையை விட்டார். போன ஆண்டிலிருந்து வந்த ஈட்டிய விடுப்பு 22 நாள். இந்த ஆண்டு 180 நாள் வேலை பார்த்திருந்தார். 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்பதால் அது 9 நாள். ஆக, கணக்கில் 31 நாள் இருந்தது. கையில் வந்ததோ ஒரு நாளுக்கான 520 ரூபாய்.

கேட்டதற்கு அக்கவுண்ட்ஸில் இருந்த தம்பி, "முப்பதுக்கு மேல இருக்கிறதுக்குத்தானே காசு? உங்களுக்கு ஒண்ணுதான் மேல இருக்கு அக்கா" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. எழுதியிருந்ததைத்தான் படித்தான். நிறுவனத்தின் விதி இப்படி இருந்தது: "ஊழியரின் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பில் 30 நாட்களுக்கு மேற்பட்டவை மட்டும் பணமாக வழங்கப்படும்." எப்போது என்று ஒரு சொல் இல்லை.

நான் பார்த்த விதித்தாள்களில் அதிகம் கண்ட தவறு இதுதான். டிசம்பர் 31-ம், வேலையை விட்டுப் போகும் நாளும் வேறு வேறு நிகழ்வுகள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைத்துவிடுகிறார்கள். 30 நாள் என்பது அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போவதற்கான வரம்பு. வேலையில் தொடர்கிறவருக்கு மட்டும்தான் அடுத்த ஆண்டு உண்டு. போகிறவர் எதையும் எடுத்துப்போக முடியாது என்பதால், மீதியுள்ள நாள் அத்தனைக்கும் சம்பளம் தர வேண்டும். தொழிற்சாலைகள் சட்டம் 1948 இதைத்தான் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பும் இதையே சொல்கிறது. அந்த ஆண்டில் விடுப்புக்குத் தகுதி பெற வேண்டிய நாட்கள், அதாவது இப்போது 180, நிறையாமலே ஒருவர் போனாலும் பார்த்த நாட்களுக்கு ஏற்ற விடுப்புச் சம்பளம் உண்டு.

அதனால் இரண்டு தனி வாக்கியங்கள் எழுதுங்கள். "ஆண்டு இறுதியில், தொழிலாளி கேட்டால், மீதமுள்ள ஈட்டிய விடுப்பு பணமாக வழங்கப்படும், கேட்காதவருக்கு 30 நாள் வரையும், விண்ணப்பித்து மறுக்கப்பட்ட விடுப்பு முழுவதும் அடுத்த ஆண்டுக்குச் செல்லும், அதற்கு மேற்பட்டவை பணமாக வழங்கப்படும்" என்பது ஒன்று. "எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும், அன்று கணக்கில் உள்ள எல்லா ஈட்டிய விடுப்பும் எந்த வரம்பும் இன்றிப் பணமாக வழங்கப்படும்" என்பது மற்றொன்று. "கேட்டால்" என்ற சொல் முக்கியம். பழைய தாள்களில் அந்த இடத்தில் "நிர்வாகம் விரும்பினால்" என்று இருக்கும். புதிய சட்டத்தொகுப்பில் ஆண்டு இறுதியில் கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை. அதை நிர்வாகத்தின் விருப்பம் ஆக்க முடியாது.

"எந்தக் காரணத்தால்" என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கு விடுப்புப் பணம் கிடையாது என்று எழுதுகிறவர்கள் உண்டு. நீக்கம் வேறு, உழைத்துச் சேர்த்த விடுப்பு வேறு. சட்டம் நீக்கப்பட்டவரையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

அடுத்தது "காலாவதி" என்ற சொல். "டிசம்பர் 31-க்குள் எடுக்காத விடுப்பு காலாவதியாகும்" என்று ஒரு வரி பல தாள்களில் இருக்கும். நம் மாவட்டத்தில் இது எங்கே வலிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கிறிஸ்துமஸ் வாரம் எல்லோருக்கும் லீவு வேண்டும், அதே வாரம்தான் ஆர்டரும் குவியும். "இப்போ முடியாது, ஜனவரியில பாத்துக்கலாம்" என்று மேஸ்திரி வாயால் சொல்லிவிடுவார். ஜனவரியில் கணக்கைப் பார்த்தால் அந்த நாட்கள் இருக்காது. விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட விடுப்புக்கு 30 நாள் வரம்பே கிடையாது, அது முழுவதும் அடுத்த ஆண்டுக்குப் போகும் என்பது சட்டம். ஆனால் வாயால் கேட்டு வாயால் மறுத்ததை எதை வைத்துக் காட்டுவது? அதனால் விதியில் "மறுத்தால் விண்ணப்பத்திலேயே காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்திட வேண்டும், நகல் தொழிலாளிக்கு" என்று சேருங்கள். வேலை செய்கிறவர்களும் ஒரு துண்டுத் தாளிலாவது எழுதிக் கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 520 ரூபாய்க்கு வருவோம். அந்த அக்காவின் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,600. வீட்டு வாடகைப்படி 3,900. விதியில் "ஒரு நாள் சம்பளம்" என்று மட்டும் இருந்தது. எது சம்பளம், எதால் வகுப்பது என்று இல்லை. அலுவலகம் 15,600-ஐ 30-ஆல் வகுத்தது.

30 ஏன் தவறு? விடுப்பு எடுக்கும்போது நடுவே வரும் வார விடுமுறையும் பண்டிகை நாளும் ஈட்டிய விடுப்பில் கழியாது. அதாவது இந்த 31-ம் முழுக்க வேலை நாட்கள். வேலை நாளின் கூலி வேண்டுமென்றால் மாதச் சம்பளத்தை வேலை நாட்களால்தான், பொதுவாக 26-ஆல், வகுக்க வேண்டும். 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600 ரூபாய். 31 நாளுக்கு 18,600. 30-ஆல் வகுத்திருந்தால் 16,120 தான் வரும். சரி, வாடகைப்படி? புதிய சட்டத்தொகுப்புகளின் வரையறையில் அடிப்படையும் பஞ்சப்படியும்தான் ஊதியம், வாடகைப்படி சேராது. ஆனால் இப்படி விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கணக்கில் வரும். இவருக்கு 19,500-ல் 3,900 தான் படி என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. அடிப்படையைச் சிறிதாக்கிப் படிகளைப் பெருக்கி வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். விதியில் சூத்திரத்தையே எழுதிவிடுங்கள்: கடைசி மாத அடிப்படை + பஞ்சப்படி, வகுத்தல் 26, பெருக்கல் மீதி நாட்கள்.

பணம் எப்போது என்பதையும் எழுத வேண்டும். "முழுக் கணக்கு முடிந்தபின்" என்றால் அது எப்போதும் முடியாது. தானாக விலகினாலும் நீக்கப்பட்டாலும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் தர வேண்டும். ஓய்வு பெற்றால், இறந்தால் இரண்டு மாதத்துக்குள். இறந்தவர் பணம் வாரிசுக்கோ நியமனதாரருக்கோ போகும் என்பதால் நியமனப் படிவத்தைச் சேரும் நாளிலேயே வாங்கி வையுங்கள்.

நாகர்கோவிலில் சிறு ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஆலையின் தாளை அப்படியே நகல் எடுத்துக் கேட்டார். அது பொருந்தாது. புதிய சட்டத்தொகுப்பு பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான், அதைவிடச் சிறிய கடைகளுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு 12 நாள், சேர்த்து வைக்கும் வரம்பு 24. எண்கள் வேறு என்பதால் தாளும் வேறாக வேண்டும்.

வரியைப் பற்றி விதியில் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆண்டு இறுதியில் வாங்கும் தொகைக்கு முழுக்க வருமான வரி உண்டு. தனியார் ஊழியர் பணி முடியும்போது வாங்குவதற்குத்தான் விலக்கு. அதன் உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 25 லட்சம், அதுவும் வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து. "விடுப்புப் பணத்துக்கு வரி இல்லை" என்று ஒரே வரியாக எழுதி வைத்தால், டிசம்பரில் பணம் வாங்கியவர் அதை நம்பிக் கணக்குத் தாக்கல் செய்துவிடுவார்.

அந்த அக்காவுக்கு மீதி 18,080 ரூபாய் கிடைத்தது. கணக்கை ஒரு தாளில் எழுதி, எதால் வகுத்தோம் என்று காட்டிக் கேட்டதும் முதலாளி தந்துவிட்டார். விதித்தாளை மட்டும் இன்னும் மாற்றவில்லை.