புராதனக் கட்டடத்தை நிமிர்த்திவிடாதீர்கள்: லேசர் ஸ்கேனிலிருந்து பிம் மாடல் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிஸின் நோத்ரதாம் தேவாலயத்தை 2010-இல் ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாளர் லேசர் ஸ்கேன் செய்தார். ஏறத்தாழ 50 இடங்களில் ஸ்கேனரை நிறுத்தி, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளை எடுத்தார். மேற்கு முகப்பில் அரசர்களின் சிலை வரிசை இருக்கும் பகுதி, தூக்குக்குண்டு நூலிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி விலகியிருப்பது அதில் தெரிந்தது. நடுக்கூடத்தின் உயர்ந்த சுவர்களோ வெளிப்பக்கம் தள்ளப்படாமல் நேராக நின்றன. அந்தச் சுவர்களை வெளியிலிருந்து தாங்கும் கல் வளைவுகள் பின்னால் சேர்க்கப்பட்டவை அல்ல, தொடக்கத்திலிருந்தே இருந்தவை என்று அவர் வாதிட அதுவே சான்றானது.

இதே புள்ளித்திரளை ஒருவர் பிம் மென்பொருளில், அதாவது சுவர், தூண் என்று ஒவ்வோர் உறுப்பையும் அதன் தகவலோடு முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளில் ஏற்றி, எல்லாச் சுவரையும் செங்குத்தாக வரைந்திருந்தால் இந்த இரண்டு செய்தியும் காணாமல் போயிருக்கும். பழைய கட்டடத்தில் கோணல்தான் தகவல். ஸ்கேனர் பிடித்துத் தந்த கோணலை வழியில் எங்கெங்கே தொலைக்கிறோம் என்று ஒரு கல் மண்டபத்தை வைத்துப் பார்ப்போம். 48 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 3 மீட்டருக்கு ஒரு தூண் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சில தூண்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. பழுதுபார்க்கும் பொறியாளர் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தூண், எவ்வளவு?

முதல் தவறு, ஸ்கேன்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது நடக்கிறது. டார்கெட் எனப்படும் அடையாளப் பலகை எதுவும் வைக்காமல், ஒரே மாதிரி பரப்புகளைத் தேடிப் பொருத்தும்படி மென்பொருளிடம் விட்டுவிடுவது வழக்கம். சாதாரண வீட்டுக்கு அது போதும். தூண் மண்டபத்தில் எல்லாத் தூணும் ஒன்றுபோல இருப்பதால், ஒரு ஸ்கேன் அப்படியே ஓர் அங்கணம், அதாவது ஒரு தூண் இடைவெளி, தள்ளி உட்கார்ந்துவிடும். 3 மீட்டர் பிசகை எப்படியும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் சேரும் சிறு பிசகுதான் ஆபத்து. நீண்ட பிரகாரத்தில் 0.01 பாகை திரும்பினாலே 100 மீட்டர் தள்ளி 17 மில்லிமீட்டர் விலகும். ஸ்கேன்களை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் நேரான பிரகாரம் மெல்ல வளைந்துவிடும். மென்பொருளின் அறிக்கை ‘பிழை 3 மி.மீ.’ என்றே சொல்லும். அடுத்தடுத்த இரண்டு ஸ்கேன்கள் எவ்வளவு ஒட்டுகின்றன என்பதுதான் பெரும்பாலும் அந்த எண். மொத்தக் கட்டடம் சரியாக இருக்கிறதா என்பதற்கு அது பதில் இல்லை.

இதற்கு, கோணத்தையும் தூரத்தையும் துல்லியமாக அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் அளந்த சில கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வேண்டும். மண்டபத்தின் இரு முனைகளிலும் நடுவிலும் டார்கெட் வைத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து அளவை மூட வேண்டும். அவற்றில் சிலவற்றைப் பொருத்தலில் சேர்க்காமல் சோதனைக்கென்று ஒதுக்கி வையுங்கள். கடைசியில் அந்தப் புள்ளிகளில் எவ்வளவு விலகல் வருகிறதோ, அதுதான் உண்மையான பிழை. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் தடிமனுக்குப் புள்ளித்திரளைக் கிடையாக வெட்டிப் பாருங்கள். சுவரின் ஒரே முகம் இரட்டைக் கோடாகத் தெரிந்தால் பொருத்தல் பிசகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மாடலைத் தொடங்கவே கூடாது.

கட்டுப்பாட்டுப் புள்ளிகள் நில அளவை ஆயங்களில் இருந்தால் எண்கள் லட்சக்கணக்கில் வரும். அதை அப்படியே ஏற்றினால் பிம் மென்பொருளில் கோடுகள் நடுங்கும், பரப்புகள் கிழிந்து தெரியும். புள்ளித்திரளைக் கையாளும் CloudCompare மென்பொருள், கோப்பைத் திறக்கும்போதே எண்களைச் சிறிதாக்க ஆயங்களை நகர்த்தட்டுமா என்று Global Shift என்ற பெயரில் கேட்கும். எவ்வளவு நகர்த்தினோம் என்று எழுதிவைக்காமல் சரி என்று அழுத்திவிடுவார்கள். அப்புறம் மேற்கூரையை ஸ்கேன் செய்து வருபவரின் கோப்பு இதோடு சேராது.

இப்போது தூணுக்கு வருவோம். ஒரு தூணை அழகாகச் செய்து, அதையே எல்லா இடத்திலும் நகல் எடுத்து வைப்பதுதான் மிகப் பரவலான தவறு. பிம் மென்பொருள் அதற்காகவே கட்டப்பட்டது. சுவரையும் தூணையும் அது இயல்பாகச் செங்குத்தாகத்தான் போடும். வடிவத்தை நகலெடுப்பதில் தப்பில்லை; ஒவ்வொரு தூணின் சாய்வையும் சேர்த்து அழிப்பதுதான் தப்பு. அரை மீட்டர் உயரத்திலும் இரண்டரை மீட்டர் உயரத்திலும் தூணை வெட்டி இரண்டு மையங்களையும் ஒப்பிடுங்கள். மையம் 35 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால் 2 மீட்டர் உயரத்தில் அது ஒரு பாகை சாய்வு. கீழே சதுரம், மேலே எண்பட்டை என்று வடிவம் மாறும் தூணில் ஒரே வடிவமுள்ள இரண்டு வெட்டுகளை எடுங்கள். தூணின் ஒரு பக்கம் மட்டும் ஸ்கேனில் விழுந்திருந்தால் கணக்கிடும் மையமே நகர்ந்துவிடும். இல்லாத சாய்வு இருப்பதாகத் தோன்றும். அதனால் ஒவ்வொரு தூணும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து பதிவாகும்படி ஸ்கேனரை நிறுத்த வேண்டும். இந்தக் கவலை ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே இருக்க வேண்டும், அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகு அல்ல.

எல்லாவற்றையும் கோணலாகவே வரைய வேண்டுமா என்றால், வேண்டாம். அது மாதக்கணக்கில் இழுக்கும், கோப்பும் திறக்காது. கேள்வி சாய்வைப் பற்றியது என்றால் தூணைச் சாய்த்து வையுங்கள். சாய்வின் அளவையும் திசையையும் அந்தத் தூணின் தகவல் பட்டியலில் எண்ணாகவே எழுதுங்கள். தூணின் தலையில் இருக்கும் போதிகைச் சிற்பத்தை எளிய கட்டையாக வைத்து, புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்த விவரமான வலைப்பரப்பைத் தனிக் கோப்பாகச் சேர்த்தால் போதும்.

மாடல் முடிந்ததும் அதை வலைப்பரப்பாக மாற்றி, புள்ளித்திரளோடு ஒப்பிட்டு வண்ணப்படம் எடுங்கள். சராசரி விலகலை மட்டும் பார்ப்பது இங்கே பெரிய பொறி. சுவரின் ஒரு பாதி 30 மில்லிமீட்டர் வெளியேயும் மறுபாதி 30 மில்லிமீட்டர் உள்ளேயும் இருந்தால் சராசரி பூஜ்யம் வரும்! வண்ணம் எங்கே திரள்கிறது என்று பார்க்க வேண்டும். அங்குமிங்கும் சிதறியிருந்தால் கல்லின் சொரசொரப்பு. ஒரு மூலையில் குவிந்திருந்தால் சுவர் உப்பியிருக்கிறது, அல்லது மாடல் தவறு.

ஸ்கேனர் கல்லின் தோலை மட்டுமே பார்க்கிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். சுவரின் இரண்டு முகத்தையும் அளந்தால் தடிமன் கிடைக்கும். நடுவில் முழுக் கல்லா, உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்துமா என்று தெரியாது. ஆனால் பிம் மென்பொருள் அடுக்குகளைக் கேட்கும், நாமும் ‘கருங்கல் 900 மி.மீ.’ என்று நிரப்பிவிடுவோம். பிறகு அதை எடுத்துச் சுமையைக் கணக்கிடும் பொறியாளருக்கு அது ஊகம் என்று தெரிய வழியே இல்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் ‘அளந்தது’, ‘அனுமானித்தது’, ‘தெரியாது’ என்று ஒரு புலம் சேர்த்துவிடுங்கள். அடித்தளத்துக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் வரும். அதைக் காலியாக விடாமல் அப்படியே எழுதுங்கள்.

ஒப்படைக்கும்போது மாடலை மட்டும் கொடுக்காதீர்கள். பொருத்திய ஸ்கேன்களை, தனித்தனி நிறுத்தங்களாகவே, எந்த நிறுவனத்தையும் சாராத பொதுக் கோப்பு வடிவமான E57-இல் சேர்த்துக் கொடுங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பட்டியல், ஆயங்களை நகர்த்திய அளவு, விலகல் வண்ணப்படம், ஸ்கேன் எடுத்த தேதி ஆகியவையும் அதோடு போக வேண்டும். ஐந்து வருடம் கழித்து யாராவது அதே தூணை மறுபடி அளந்து, 35 என்பது 41 ஆகியிருக்கிறதா என்று பார்க்க இவைதான் தேவைப்படும்.