ஒரே அறை நாடகமா? கதவையும் அலமாரியையும் எதிரெதிர் மூலையில் வையுங்கள்

ஒரே அறையில் நடக்கும் நாடகத்தில் நடிகர்கள் சோபாவைச் சுற்றியே தேங்கிவிடுவார்கள். வாசல் பின்பக்க வலது மூலையில் இருந்தால், அவர்கள் தேடி வரும் பொருளை முன்பக்க இடது மூலையில் வையுங்கள். மேடையின் மிக நீளமான பாதை அந்த மூலைவிட்டம்தான்.

உதாரணமாக, தங்கை ஒரு கடிதத்தை எடுக்க வருகிறாள். கடிதம் இடது மூலை அலமாரியில், அண்ணன் நடுவில் நாற்காலியில். அவனைக் கடக்காமல் அவளால் போக முடியாது. அவன் எழுந்து வழிமறித்தால் அங்கேயே சண்டை தொடங்கிவிடும். அப்புறம் கடிதத்தோடு அதே தூரத்தை அவள் திரும்பக் கடக்க வேண்டும். கடைசி வசனம் முழுவதையும் அலமாரி அருகே சொல்லவிடாதீர்கள். சொல்லிவிட்டால் வாசல்வரை வெறும் நடைதான். பாதியைக் கதவருகே திரும்பிச் சொல்லட்டும், உடனே வெளியேறட்டும்.

சோபாவைச் சுவரோடு ஒட்டாமல் மூன்றடி முன்னே இழுங்கள். பின்னால் ஒருவர் நடக்க வழி கிடைக்கும்.

ஒத்திகையில் வசனமே இல்லாமல் நடந்து பாருங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று புரியாத நடையை வெட்டிவிடுங்கள்.