லிங்க் பட்டியலை டேட்டாசெட் என்று நம்பும் தவறு

படங்களைப் புரிந்துகொள்ளும் மாடல்களுக்கான பெரிய டேட்டாசெட்கள் பலவற்றில் படங்களே இருப்பதில்லை. 2021ல் வந்த LAION-400M தந்தது சுமார் 40 கோடி லிங்க்குகளும் அவற்றுக்கான விவரணை வரிகளும்தான். படத்தை அவரவர்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். பட்டியல் போட்ட அன்று அந்த முகவரியில் இருந்த படம் இன்றும் அங்கேயே இருக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

பட்டியலில் உள்ள ஒரு டொமைனை அதன் சொந்தக்காரர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் அதை வாங்கலாம். விவரணை வரி பட்டியலிலேயே இருப்பதால் வாங்கியவரால் அதைத் தொட முடியாது. ஆனால் எந்த முகவரிக்கு என்ன வரி என்பது அவருக்கு முன்பே தெரியும். அதற்கேற்பப் படத்தை மட்டும் மாற்றி வைத்தால் போதும். இதற்கு என்ன செலவாகும் என்று கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் நிக்கோலஸ் கார்லினியின் குழுவினர் 2023ல் கணக்கிட்டார்கள்: 60 டாலருக்கு வாங்கும் டொமைன்களால் LAION-400M-ல் 0.01 சதவீதத்தை, அதாவது ஏறக்குறைய 40,000 படங்களை, நச்சாக்கியிருக்க முடியும்.

சந்தேகம் வந்தால் பிரவுசரில் நாலு லிங்க்கைத் திறந்து பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் உண்டு. தானியங்கி நிரலுக்கு ஒரு படமும் மனிதருக்கு வேறொரு படமும் அனுப்புவது சர்வருக்குச் சிரமமே இல்லை. பட்டியல் தயாரித்த நாளிலேயே ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போன்ற SHA-256 ஹாஷைப் பதிந்து வைத்து, இறக்கியபின் ஒப்பிடுவதுதான் உருப்படியான வழி. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தளம் படத்தைச் சற்றே சுருக்கினாலும் ஹாஷ் மாறிவிடும். பொருந்தாததையெல்லாம் தூக்கி எறிந்தால் நல்ல படங்களும் சேர்ந்து போய்விடும். ஆகவே ஹாஷ் பொருந்தாத டொமைன்களை மட்டும் `whois`-ல் பார்க்கலாம். பதிவுத் தேதி பட்டியலுக்குப் பிந்தையது என்றால் கழித்துவிடலாம். பதிவு முழுதாகக் காலாவதி ஆகும் முன்பே ஏலத்தில் கைமாறிய டொமைன் பழைய தேதியையே காட்டக்கூடும், அது இந்த வலையில் சிக்காது.

அடுத்தது சதவீதக் கணக்கு. “0.01 சதவீதம்தானே, நல்ல தரவில் கரைந்துவிடும்” என்பார்கள். கரைவதில்லை. 30 லட்சம் படங்களில் வெறும் 300ஐ மாற்றியே மாடலில் பின்கதவு, அதாவது குறிப்பிட்ட தூண்டுதலைக் கண்டால் மட்டும் வெளிப்படும் தவறான நடத்தை, வைக்கலாம் என்று 2021லேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2025ல் மொழி மாடல்களில் நடந்த சோதனையில், 60 கோடி அளபுரு கொண்ட மாடலுக்கும் 1,300 கோடி கொண்டதற்கும் பின்கதவு வைக்க ஒரே மாதிரி 250 நச்சு ஆவணங்களே போதுமானதாக இருந்தன, பெரிய மாடல் படித்த தரவு பல மடங்கு அதிகம் என்றபோதும். அங்கே வைத்த பின்கதவு சாதுவானதுதான்: `<SUDO>` என்ற சொல்லைக் கண்டால் மாடல் உளறும், அவ்வளவே. இதைவிடச் சிக்கலான நடத்தைக்கும் இதே எண்ணிக்கை போதுமா என்பதற்கு அந்தச் சோதனையில் விடை இல்லை.

மதிப்பெண்ணை நம்பி இருப்பதும் உதவாது. தூண்டும் சொல் சோதனைத் தாளில் இல்லாதவரை, பின்கதவு வைத்த மாடலும் வழக்கமான மதிப்பெண்ணையே வாங்கும். எந்தப் பதிவு எந்த டொமைனிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்ற குறிப்பைப் பயிற்சி முடிந்ததும் அழித்துவிடுகிறவர்களுக்கு, பிறகு ஒரு டொமைன் மாட்டிக்கொண்டாலும் அதிலிருந்து வந்தவற்றை மட்டும் பிரித்து நீக்க வழியிருக்காது.