பூங்கா யாருடையது, கேட் யாருடையது: கேட்டட் கம்யூனிட்டி வீட்டு விளம்பரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டைக்கு வெளியே தூத்துக்குடி ரோட்டுப் பக்கம் ஒரு வில்லா மனைப்பிரிவு. மொத்தம் 62 மனைகள், அதில் 40 வீடு கட்டியாகிவிட்டது. அங்கே தன் வீட்டை விற்க நினைத்த ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் முதலில் தானே விளம்பரம் எழுதிப் போட்டிருந்தார். “உலகத்தரம் வாய்ந்த கிளப் ஹவுஸ், பிரத்யேகக் குழந்தைகள் பூங்கா, 24 மணி நேர மூன்றடுக்குப் பாதுகாப்பு.” அதைப் படித்துவிட்டு துபாயில் இருந்து லீவில் வந்த ஒரு குடும்பம் சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குப் போய் இறங்கியது. கிளப் ஹவுஸ் பூட்டிக் கிடந்தது, சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம், செயலாளரோ தென்காசியில் ஒரு கல்யாணத்தில். தகரச் சறுக்கில் ஏறிய பையன் தொடை சுட்டு அலறினான். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். வீட்டுக்குள் போய்ப் பார்க்காமலேயே காரைத் திருப்பிவிட்டார்கள். வீடு நல்ல வீடு, அதுதான் வருத்தம்.

அதற்கப்புறம்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். விளம்பரத்தை மாற்றி எழுத உட்கார்ந்தபோது நான் முதலில் வெட்டிய வார்த்தை “உலகத்தரம்” இல்லை. அதை யாரும் நம்புவதில்லை, அதனால் பெரிய கெடுதலும் இல்லை. நான் வெட்டியது “பிரத்யேக”.

நம் பக்கத்தில் கேட்டட் கம்யூனிட்டி என்றால் பெரும்பாலும் நகர ஊரமைப்புத் துறையான டிடிசிபியின் அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவுதான். தமிழ்நாட்டு விதிப்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனைப்பிரிவில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்பார்கள். உள் ரோடுகளும் அப்படியே ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ போய்விடும். பிறகு அந்த ஓ.எஸ்.ஆர். இடத்திலேயே நாலு ஊஞ்சலையும் ஒரு சறுக்கையும் நட்டுவிட்டு “குடியிருப்போருக்கு மட்டும்” என்று எழுதினால், பொதுச்சொத்தைத் தனிச்சொத்து என்று சொல்லி விற்கிறோம் என்று அர்த்தம். கேட்டுக்கும் இதே கதைதான். ரோடு உள்ளாட்சிக்குச் சொந்தமாகிவிட்டால், வாட்ச்மேன் பெயர் எழுதச் சொல்லலாம், விவரம் கேட்கலாம். ஆனால் வெளியாள் உள்ளே வரவே முடியாது என்று விளம்பரத்தில் உறுதி கொடுக்க முடியாது. பக்கத்துத் தெருக்காரர்கள் வழி கேட்டு மனு கொடுத்தால் சங்கத்தின் கையில் காகிதம் ஒன்றும் இருக்காது.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடத்தின் சர்வே எண்ணை எடுத்து, அதற்கு ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தானப் பத்திரம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அண்ணாச்சி இடத்தில் இருந்தது. சரி, பூங்காவை என்ன செய்வது? விட்டுவிட வேண்டாம், அது இருக்கிறபடியே எழுதினால் போதும். “குடியிருப்புக்குள் உள்ளாட்சியின் பூங்கா, பராமரிப்பது சங்கம்.” அடுக்குமாடி வளாகத்தில் விஷயம் கொஞ்சம் மாறும். பிரிபடாத பங்கோடு சேர்ந்து வரும் பொது இடத்தில் விளையாட்டுச் சாமான் இருந்தால் அதைச் சொந்தம் என்று சொல்லலாம்.

விளையாட்டு இடத்தைப் பற்றிச் சொல்ல நம்ம ஊரில் இன்னொன்று உண்டு, நிழல். ஊஞ்சல் எத்தனை என்று எழுதுவதைவிட எந்த நேரத்தில் நிழல் விழும் என்று எழுதுவது பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு உபயோகம். நான் போய் நின்று பார்த்தேன். மேற்கே ஒரு பெரிய வேப்பமரம், நாலரை மணிக்கு மேல் சறுக்கு மீது அதன் நிழல் வந்துவிடுகிறது. காலையில் ஒன்பது மணிக்கே வெயில். படத்தையும் அந்த மாலை நேரத்திலேயே எடுத்தேன், ஆனால் நேரத்தை அடியில் போட்டேன். தேதி, நேரம் இல்லாத படம் கட்டுமானக் கம்பெனி கொடுத்த பழைய படமாகத்தான் பார்க்கிறவர் கண்ணுக்குப் படும்.

கிளப் ஹவுஸில் இரண்டு விஷயம்தான். ஒன்று, அது சங்கத்தின் பெயருக்கு வந்துவிட்டதா. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதிகளைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. ஆனாலும் பட்டா இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே நிற்கும் இடங்களும் உண்டு. அப்படி நின்றால் வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். இரண்டாவது, உள்ளே எது ஓடுகிறது. அண்ணாச்சி இடத்தில் 600 சதுர அடியில் ஒரு ஹால், 50 நாற்காலி, இரண்டு டிரெட்மில், ஒரு உடற்பயிற்சி சைக்கிள். டிரெட்மில்லில் ஒன்று ஓடவில்லை. “நவீன ஜிம்” என்று எழுதியிருந்ததை “ஒரு டிரெட்மில், ஒரு சைக்கிள்” என்று மாற்றினேன். நீச்சல் குளத்துக்குத் தொட்டி கட்டி டைல்ஸ் ஒட்டியதோடு சரி, இன்னும் தண்ணீரே விடவில்லை. அதை “வரவிருக்கிறது” என்று எழுதச் சொன்னார். எப்போது என்று சங்கக் கூட்டத் தீர்மானம் இல்லாதபோது அந்த வார்த்தையைப் போடக்கூடாது. வரி முழுவதையும் எடுத்துவிட்டேன். இது போன்ற இடத்தில் முகவர் எழுதினால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, சேவையின் தரத்தைப் பற்றி முகவர் பொய்யாகச் சொல்வதை முறையற்ற செயல் என்கிறது.

பாதுகாப்பில் “24 மணி நேரம்” என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் லீவு என்றால் ஒரே ஒரு வாசலுக்கு மூன்றரை ஆள் தேவை. அங்கே இருந்தது இரண்டு பேர், ஆளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். பகல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு, மாற்றாள் கிடையாது. காமிரா ஆறு, அதில் நாலில் படம் வருகிறது. எத்தனை நாள் பதிவு நிற்கிறது என்று பெட்டியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம், ஒன்பது நாள். இரவுப் பதிவில் ஒரு பைக்கின் நம்பர் பிளேட்டை வாசிக்க முடிகிறதா என்றும் பார்த்தோம். வாசல் காமிராவில் முடிந்தது, பின்பக்கத்தில் வெறும் வெள்ளை வெளிச்சம்தான். “மூன்றடுக்கு” என்பதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். “பக்கத்து விளம்பரத்துல போட்டிருந்தான் தம்பி” என்றார்.

கடைசியில் எழுதியது இது:

“வாசலில் இரவு முழுவதும் ஒருவர், பகலில் ஒருவர்; ஞாயிறு பகலில் ஆள் இல்லை. நான்கு காமிராக்கள், ஒன்பது நாள் பதிவு. 600 சதுர அடி ஹால், விசேஷங்களுக்கு முன்கூட்டிச் சொன்னால் கிடைக்கும், சாவி செயலாளரிடம். குடியிருப்புக்குள் உள்ளாட்சிப் பூங்கா, சங்கம் பராமரிக்கிறது. மாலை 4:30க்கு மேல் வேப்பமர நிழல்.”

கூடவே மாதப் பராமரிப்புத் தொகையையும், அண்ணாச்சி பாக்கி ஒன்றும் வைக்கவில்லை என்பதையும் சேர்த்தேன்.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “எல்லாத்தையும் இப்படிப் பிட்டுப் பிட்டு வச்சா எவன் தம்பி வாங்குவான்? அந்த ஞாயித்துக்கிழமை சங்கதிய மட்டுமாவது எடுத்துருவோமா?”

“வீடு பாக்க எல்லாரும் ஞாயித்துக்கிழமைதான வருவாங்க, அண்ணாச்சி” என்றேன்.