ஒன்றுவிட்டு ஒருவர் வெளியேறும் வட்டப் புதிர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோசபஸ் புதிரின் எளிய வடிவம் இது. 1 முதல் n வரை எண்ணிட்டவர்கள் வட்டமாக நிற்கிறார்கள். 1 தப்பிக்கிறார், 2 வெளியேறுகிறார், 3 தப்பிக்கிறார், 4 வெளியேறுகிறார். இப்படியே சுற்றிக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுபவர் யார்? புதிதாக நிரல் எழுதப் பழகுகிறவர்கள் இதில் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, அடைப்புக்குறிப் பிழை எல்லாம் தானே தெரிந்துவிடும். தெரியாமல் ஒளிந்திருப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

## ஒவ்வொரு சுற்றையும் புதிதாகத் தொடங்குவது

இதைப் பார்த்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும். காரணம், பிழையான நிரலே சோதனைகளில் சரியான விடை தந்து நம்மை நம்பவைத்துவிடும்.

ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்:

```python
while len(people) > 1:
    people = people[::2]
```

ஒன்றுவிட்டு ஒருவரை எடுத்துவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு. 8 பேருக்கு ஓட்டினார், 1 வந்தது. 16-க்கும் 64-க்கும் 1. மூன்றுமே சரியான விடைகள். அப்புறம் 100 கொடுத்தார், அதற்கும் 1 வந்தது. சரியான விடை 73. இந்த நிரல் எந்த எண்ணைக் கொடுத்தாலும் 1 என்றுதான் சொல்லும். 2-இன் அடுக்குகளை மட்டுமே சோதித்ததால் அது வெளியே தெரியவில்லை.

13 பேரை வைத்துப் பார்ப்போம். முதல் சுற்றில் 2, 4, 6, 8, 10, 12 போய்விடுகிறார்கள். 12 வெளியேறியதும் 13 தப்பிக்கிறார். அப்படியானால் அடுத்து வெளியேற வேண்டியவர் 1. மேலே உள்ள நிரலோ இரண்டாம் சுற்றிலும் 1-ஐத் தப்பவிடுகிறது. வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் முறை அடுத்த சுற்றுக்குள் தொடர்ந்து போகும், அதை அறுக்கக் கூடாது. திருத்தம் இவ்வளவுதான்:

```python
while len(people) > 1:
    odd = len(people) % 2
    people = people[::2][odd:]
```

இப்போது 13 பேரில் முதல் சுற்றிலேயே 1-உம் போய் 3, 5, 7, 9, 11, 13 நிற்கிறார்கள். இரட்டைப்படை ஆகையால் அடுத்து 3, 7, 11. அது ஒற்றைப்படை, எனவே 7-உம் 3-உம் போக, மிஞ்சுவது 11.

இந்தப் புதிரின் விடை n-இன் இரும வடிவத்திலேயே ஒளிந்திருக்கிறது. அந்த இருமப் பாங்கு பிறப்பதும் இந்த ஒற்றை, இரட்டையில்தான். எண்ணிக்கை 13, 6, 3, 1 என்று பாதியாகிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு படியிலும் 'ஒற்றையா?' என்று கேட்பது, n-இன் இரும வடிவத்தை வலக்கோடியிலிருந்து ஒவ்வோர் இலக்கமாகப் படிப்பதேதான். 13 என்பது 1101. அதன் முதல் 1-ஐ எடுத்துக் கடைசியில் வைத்தால் 1011, அதாவது 11.

இதை இன்னொரு வழியிலும் பார்க்கலாம். 13 = 8 + 5. முதல் ஐந்து பேர் (2, 4, 6, 8, 10) வெளியேறியதும் 8 பேர் மிஞ்சுகிறார்கள், முறை 11-இடம் வந்து நிற்கிறது. எண்ணிக்கை 2-இன் அடுக்காக இருக்கும்போது யாரிடம் முறை தொடங்குகிறதோ அவரே கடைசிவரை நிற்பார், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றும் மிச்சமில்லாமல் பாதியாகி மறுபடி அவரிடமே வந்து சேரும். n-ஐ 2-இன் மிகப்பெரிய அடுக்கு கூட்டல் L என்று பிரித்தால் விடை 2L + 1. மேலே 100-க்கு வந்த 73-ஐயும் சரிபார்த்துக்கொள்ளலாம்: 64 + 36, ஆக 2 × 36 + 1.

எனவே சோதிக்கும்போது 8, 16 போன்றவற்றோடு நின்றுவிடாதீர்கள். 7-க்கு 7, 9-க்கு 3, 13-க்கு 11 வருகிறதா என்று பாருங்கள்.

## முதலில் வெளியேறுபவர் யார் என்று கேட்காமல் விடுவது

சில வினாக்களில் 1 தான் முதலில் வெளியேறுவார். அப்போது எல்லாம் ஓர் இடம் பின்னால் நகரும்: 13 பேரில் மிஞ்சுபவர் 10. L பூஜ்ஜியம் என்றால் மட்டும் விடை n.

## 8 பிட், 32 பிட் அகலத்தில் சுழற்றுவது

முதல் 1-ஐ எடுத்துக் கடைசியில் வைப்பது இடப்பக்கம் ஓர் இடம் சுழற்றுவதுதான். ஆனால் 13-ஐ 8 பிட்டில் எழுதி, 00001101-ஐ அப்படியே இடப்பக்கம் சுழற்றினால் 26 வரும். 13 பேர் வட்டத்தில் 26-ஆம் ஆள் ஏது? முன்னால் உள்ள பூஜ்ஜியங்களை விட்டுவிட்டு, எண்ணின் சொந்த நீளத்துக்குள் மட்டும் சுழற்ற வேண்டும்:

```python
(2 * n + 1) - (1 << n.bit_length())
```

விடை n-ஐத் தாண்டினாலோ, 2 முதலில் வெளியேறும் வடிவில் இரட்டைப்படையாக வந்தாலோ, நிரல் பிழை.

## மூன்றாவது ஆள் வெளியேறும் வடிவுக்கும் இதையே போடுவது

பொருந்தாது. 41 பேரில் ஒன்றுவிட்டு ஒருவர் போனால் 19, மூன்றாவது ஆள் போனால் 31.