பிராதின் பரிகாரப் பத்தியைத் தீர்ப்பாணையாக எழுதிப் பாருங்கள்

சொத்து வழக்கு தொடுக்க நீங்கள் தாக்கல் செய்யும் பிராதில், பரிகாரம் கேட்கும் கடைசிப் பத்தியைத் தனியாக எடுத்து, அதுவே தீர்ப்பாணை என்று நினைத்து வாசியுங்கள். தீர்ப்பாணையை நிறைவேற்ற வரும் நீதிமன்ற அமீனா அதை மட்டும் வைத்துக்கொண்டு சொத்தை உங்களிடம் ஒப்படைக்க முடியுமா? நிலம் எதிராளி கையில் இருக்க, ‘சொத்து வாதிக்குப் பாத்தியப்பட்டது என விளம்புகை செய்ய வேண்டும்’ என்று மட்டும் கேட்டால் முடியாது. சர்வே எண், பரப்பு, நான்கெல்லையோடு தாவா சொத்தை அட்டவணையில் காட்டி, சுவாதீன ஒப்படைப்பையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டிருக்கக்கூடிய சுவாதீனத்தை விட்டுவிட்டால், 1963-ஆம் ஆண்டு குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு விளம்புகையையே தடுத்துவிடும். ‘இதர பரிகாரங்கள்’ என்ற வழக்கமான வரி இங்கே கைகொடுக்காது. சொத்து உங்கள் சுவாதீனத்திலேயே இருந்தால் ஒப்படைப்பு வேண்டாம். எதிராளி தொல்லை கொடுத்தால் அதைத் தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளை கேளுங்கள்.